பச்சை வாளி கோமதி, நீல வாளி செல்வம்: நாடகம் முடிந்ததும் கேட்கும் கேள்விகள்

வீட்டுக் குப்பையைப் பிரிப்பது பற்றி, சென்னையில் தெருமுனைகளிலும் அடுக்குமாடி வாசல்களிலும் நாங்கள் போடும் பத்து நிமிட நாடகம் இது. பச்சை வாளி மக்கும் குப்பைக்கு, நீல வாளி மக்காத, உலர்ந்த குப்பைக்கு. முடிந்ததும் எங்களைக் கிளம்ப விடாமல் நிறுத்திக் கேட்பவர்கள் உண்டு. அடிக்கடி வருகிற கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே, இங்கே போட்டிருக்கிறேன்.

நான் பார்க்கலை. கதை என்ன, சுருக்கமா சொல்லுங்க?

ஒரு மதில் சுவர், இரண்டு வீடு. இந்தப் பக்கம் கோமதி அக்கா. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் பச்சை வாளி. அந்தப் பக்கம் செல்வம். தனியாகக் குடியிருக்கும் பையன், மூன்று வேளையும் பார்சல். வாசலில் நீல வாளி. காலையில் இருவரும் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள்.

"தம்பி, குப்பை வாளின்னா பச்சைதான். நீங்க என்ன நீலத்துல வச்சிருக்கீங்க?"

"நீங்க சமைக்கிறீங்க அக்கா, உங்களுக்குப் பச்சை. நான் அடுப்பே பத்த வைக்கிறதில்லை. என் குப்பை பூராவும் கவரும் டப்பாவும்தான். அதான் நீலம்."

சண்டை முற்றும்போது தூய்மைப் பணியாளர் வள்ளி பேட்டரி வண்டியோடு வருகிறார். இரண்டு பேரிடமும் வாதாடாமல், ஒரு தார்ப்பாயை விரித்து இரண்டு வாளியையும் கொட்டுகிறார். பச்சை வாளியிலிருந்து காய்கறித் தோல், பழைய சோறு, கூடவே பால் பாக்கெட், ஷாம்பு சாஷே, ஒரு துருப்பிடித்த பிளேடு. நீல வாளியிலிருந்து டப்பா, அட்டைப்பெட்டி, செய்தித்தாள், கூடவே பாதி தின்ற பரோட்டா, அவிழ்ந்து வழிகிற சாம்பார் பாக்கெட்.

"அக்கா வாளியில பாதி நீலம். தம்பி வாளியில பாதி பச்சை. எதுக்குச் சண்டை?" என்கிறார் வள்ளி. அப்புறம் மூன்று பேரும் தார்ப்பாயில் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். நாடகத்தின் பெரும்பகுதி அந்தப் பிரிப்புதான்.

வீட்டுக்கு ரெண்டு வாளி இருக்கணும்னுதானே சட்டம்? நாடகத்துல ஏன் ஆளுக்கு ஒண்ணு?

வேண்டுமென்றேதான். நிறைய வீடுகளில் நடப்பது அதுதான். இரண்டு வாளி வாங்கினாலும் ஒன்று மாடிக்குப் போய் துவைக்கிற துணி போடுகிற வாளியாகிவிடும். மிச்சமிருக்கும் ஒன்றின் நிறத்தை வைத்துத் தன் குப்பையின் குணத்தை முடிவு செய்துகொள்வார்கள். "எங்க வீட்ல பெரும்பாலும் மக்கும் குப்பைதான்" என்று சொல்லிக்கொண்டே பால் பாக்கெட்டையும் அதிலேயே போடுவார்கள்.

2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொன்னன: மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் அபாயமான கழிவு. அந்த விதிகளுக்குப் பதிலாக வந்த 2026 விதிகள் அதை நான்காக்கின. நாப்கின், டயப்பர் போன்றவை இப்போது தனி வகை. ஆக, கோமதிக்கும் செல்வத்துக்கும் இரண்டு வாளி இருந்தாலே போதாது. பக்கத்தில் இரண்டு சின்ன டப்பாவாவது வேண்டும். நாடகத்தின் கடைசியில் வள்ளி இருவருக்கும் ஆளுக்கு இரண்டு பழைய பெயின்ட் டப்பாவைக் கழுவிக் கொடுப்பது அதற்காகத்தான்.

எங்க கிராமத்துல பச்சையும் சிவப்பும்தான் குடுத்தாங்க. நீங்க நீலம்னு சொல்றீங்க. எது சரி?

உங்கள் ஊரில் எதைக் கொடுத்தார்களோ அது சரி. தமிழ்நாட்டில் ஊராட்சிகள் பலவற்றில் தூய்மைக் காவலர்கள் பச்சை, சிவப்பு என்றே பிரித்து வாங்குகிறார்கள். அங்கே சிவப்பு என்றால் மக்காதது. சென்னை மாதிரி நகரங்களில் மக்காததற்கு நீலம். பெங்களூரில் போன பத்தாண்டில் வந்த ஏற்பாடு இன்னொரு மாதிரி: சமையலறைக் கழிவுக்குப் பச்சை வாளி, நாப்கின் வகையறாவுக்குச் சிவப்பு வாளி, உலர்ந்த குப்பைக்கு ஒரு பை. கிராமத்திலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து பெங்களூருக்கும் குடிபோகிற ஒருவர் அதே சிவப்பு வாளியை வெவ்வேறு அர்த்தத்தில் பார்க்க வேண்டியிருக்கும்.

பச்சை மட்டும் எங்கேயும் மாறவில்லை. அதனால் நாங்கள் ஒத்திகையில் நடிகர்களுக்குச் சொல்வது: நிறத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், பச்சைக்குள் என்ன போகும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றது எல்லாம் வெளியே. வெளியூரிலிருந்து வந்தவர்கள் முதல் நாள் வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தீர்ந்தது.

சாம்பார் காட்சி ரொம்ப நீளம். ஒரு பாக்கெட் ஒழுகினதுக்கா இவ்வளவு?

நாடகத்தில் நான் ஒரு நொடி கூடக் குறைக்க மறுக்கிற காட்சி அது. குப்பையைப் பிரிப்பது எதற்காக என்பது முழுக்க அதற்குள் இருக்கிறது.

மேடையில் ஒரு தராசு. செல்வத்தின் செய்தித்தாள் கட்டு சரியாக ஒரு கிலோ. அதன்மேல் வள்ளி ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, சாம்பாரை ஊற்றுகிறார். தராசு 1.2 கிலோ காட்டுகிறது. "எடை கூடிருச்சே, காசும் கூடத்தானே வரும்?" என்று செல்வம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். பழைய பேப்பர் கடைக்காரராக நடிப்பவர் கட்டை ஒரு மூலையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வேணாம் சார், எடுத்துட்டுப் போங்க" என்று தள்ளிவிடுவார்.

கடைக்காரர் ஏன் மறுக்கிறார்? காகிதத்தை மறுபடி காகிதமாக்க முதலில் தண்ணீரில் கூழாக்க வேண்டும். வெறும் தண்ணீரில் நனைந்தது என்றால் காய வைத்துப் பார்க்கலாம். எண்ணெய் தண்ணீரில் கரையாது. கூழோடு ஒட்டிக்கொண்டு புதுக் காகிதத்தில் கறையாகவும் ஓட்டையாகவும் வந்து நிற்கும். சோறும் பருப்பும் ஒட்டியிருந்தால் ஆலைக்குப் போய்ச் சேரும் முன்னே, மூட்டையிலேயே பூஞ்சை பிடித்துவிடும். அந்த மூட்டையில் இருக்கும் மற்ற வீட்டுக் காகிதத்துக்கும் அது பரவும். செல்வம் வீட்டு 200 மில்லி சாம்பார், தெருவில் பத்து வீடு ஒழுங்காகக் கொடுத்ததையும் சேர்த்துக் கெடுக்கிறது.

நாங்கள் மேடையில் மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் நல்லெண்ணெய் கலந்து ஊற்றுகிறோம். நிஜச் சாம்பாரை வீணாக்கினால் முன்வரிசைப் பாட்டிகள் சும்மா விட மாட்டார்கள்.

சரி, பச்சை வாளியில கொஞ்சம் பிளாஸ்டிக் விழுந்தா? உரம் ஆக்கும்போது பொறுக்கிட மாட்டாங்களா?

பெரியதைப் பொறுக்குவார்கள். பிரச்சினை சின்னதில். நகரத்தில் சேரும் மக்கும் குப்பை உரமாக்கும் மையத்துக்குப் போனதும் பல இடங்களில் முதலில் அதை இயந்திரத்தில் துண்டு போடுகிறார்கள். கோமதி வீட்டுப் பால் பாக்கெட் அங்கே பத்துப் பதினைந்து துணுக்காகும். பிறகு தொட்டியில் மக்க வைத்து, கடைசியில் சலிக்கிறார்கள். குப்பை உரத்தில் 90 சதவீதமாவது 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் அளவு. அதைவிடச் சிறிய பிளாஸ்டிக் துணுக்கும் கண்ணாடிச் சில்லும் உரத்தோடு சேர்ந்தே கீழே இறங்கிவிடும். அந்த உரத்தைக் கையில் அள்ளி வயலில் போடுகிற விவசாயி மறு வருஷம் வாங்க வர மாட்டார்.

பேட்டரி இன்னும் மோசம். ரிமோட்டில் போடுகிற சின்ன பேட்டரி உடைந்து மக்கும் குப்பையில் கலந்தால் உள்ளே இருக்கும் உலோகம் உரத்தில் கரைந்துவிடும். அதைச் சலித்து எடுக்க எந்தச் சல்லடையும் கிடையாது. ஈயம், காட்மியம் அளவு மிஞ்சினால் அதை உரம் என்று விற்கவே முடியாது.

பால் பாக்கெட்டைக் கழுவிப் போடணுமாம். சென்னையில தண்ணிக்கு நாங்க எங்க போறது?

தனித் தண்ணீர் தேவையில்லை. பாலைக் காய்ச்ச ஊற்றியதும் பாக்கெட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதையும் பாலிலேயே ஊற்றுகிற வழக்கம் பாதி வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கோமதி அக்காவும் அதைத்தான் செய்வார். அவர் செய்யாத ஒன்று, அப்புறம் அதை ஜன்னல் கம்பியில் கவிழ்த்துக் காயப் போடுவது. பார்சல் டப்பாவுக்குப் பாத்திரம் கழுவி முடித்த கடைசித் தண்ணீர் போதும். பளபளவென்று இருக்க வேண்டியதில்லை. ஒட்டவும் கூடாது, ஒழுகவும் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. பாக்கெட்டின் மூலையைத் தனியாக வெட்டி எறியாதீர்கள். ஒரு வெட்டுப் போட்டு, மூலை பாக்கெட்டோடு தொங்கும்படி விடுங்கள். பாக்கெட் மறுசுழற்சிக்குப் போகும். வெட்டி எறிந்த நகத்தளவு துணுக்கை யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். மேலே சொன்ன உரத் தொட்டிக்குள் போய்ச் சேர்வது இந்த மாதிரித் துணுக்குகள்தான்.

வாழை இலை பச்சையில, அது தெரியும். டிஷ்யூ, முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் ஓடு, பூச்சரம்? வீட்ல இதுக்குத்தான் சண்டை.

தார்ப்பாய்க் காட்சியிலும் இதற்குத்தான் சண்டை. சாப்பாட்டுக்குப் பின் கை துடைத்த டிஷ்யூ காகிதம்தான், ஆனாலும் அழுக்கானதும் பச்சை வாளிக்குப் போகும். இங்கே செல்வம் தோற்பார். "பேப்பர்னா நீலம்" என்பது அவர் கட்சி. அடியில் எண்ணெய் ஊறிய பீட்சா அட்டையைக் கிழித்து, சுத்தமான மூடியை நீலத்திலும் ஊறிய பாதியைச் சின்னத் துண்டுகளாகப் பச்சையிலும் போடலாம். ஆனால் காகிதக் கப் என்று நாம் சொல்கிற டீக் கப் ஏமாற்றும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அதைப் பச்சையில் போடாதீர்கள்.

முட்டை ஓடும் எலும்பும் பச்சைதான். ஓடு மெதுவாக மக்கும், நொறுக்கிப் போட்டால் நல்லது. வீட்டுத் தொட்டியில் உரம் போடுகிறவர்கள் எலும்பு, மீன் கழிவைத் தவிர்ப்பது வழக்கம். நாற்றமும் எலியும் காரணம். வண்டியில் கொடுப்பதற்குத் தடை இல்லை.

தேங்காய் ஓடும் இளநீர்க் கூடும் மக்கும், ஆனால் மற்றவற்றின் வேகத்தில் மக்காது. துண்டு போடும் இயந்திரத்தின் கத்தியும் அவற்றில் மாட்டிக்கொள்ளும். அதனால் தனியாக வைத்து, கேட்டுவிட்டுக் கொடுங்கள். பூச்சரத்தில் பூ பச்சை, வாழைநார் பச்சை. கடையில் இப்போது நைலான் நூலில் கட்டித் தருகிறார்கள் என்றால் உருவி எடுத்து நீலத்தில் போட வேண்டும். கோமதி அக்கா இந்த இடத்தில், "சாமிக்குப் போட்ட பூவை உருவச் சொல்றியா?" என்று கேட்பார். வள்ளியிடம் பதில் தயாராக இருக்கும்: "நீங்க உருவலைன்னா நான் உருவணும் அக்கா."

நாப்கின், டயப்பர் விஷயத்தை நாடகத்துல காட்டலாமா? குழந்தைங்க எல்லாம் இருக்காங்களே.

காட்டுகிறோம். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம், அதன்மேல் சிவப்பு மையில் ஒரு வட்டம். அவிழ்ப்பதில்லை. எந்தச் சந்தேகமும் இல்லாமல் புரிகிறது. அதைக் காட்டாவிட்டால் நடப்பது இது: கறுப்புப் பிளாஸ்டிக் கவரில் கட்டி அக்கா பச்சை வாளியில் போடுவார். வள்ளி கவரை வெறுங்கையால் கிழித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

2016 விதிகள், காகிதத்திலோ தயாரிப்பாளர் தரும் உறையிலோ சுற்றி, மக்காத குப்பையோடு சேர்க்கச் சொன்னன. இப்போது அது தனி வகை. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், செய்தித்தாள் போதும், மேலே அடையாளம் இருந்தால் போதும். உள்ளே என்ன என்று யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதற்குத்தான் அந்தச் சிவப்பு வட்டம்.

நான்காவது டப்பாவில் போகிறவை வேறு: பேட்டரி, டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், காலாவதியான மாத்திரை, இன்சுலின் ஊசி, பூச்சிமருந்து டப்பா. இவை தினமும் சேராது. மாதக்கணக்கில் டப்பாவில் இருந்தாலும் நாறாது. டியூப் லைட்டை இடம் போதவில்லை என்று உடைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பாதரசம் ஆவியாகி உங்கள் மூக்குக்குத்தான் வரும். ஊசியை மூடி போட்ட கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்க்கலாம். அக்காவின் துருப்பிடித்த பிளேடும் உடைந்த கண்ணாடியும் தடித் தாளில் சுற்றி, மேலே எழுதி, கையில் தனியாகக் கொடுக்க வேண்டியவை.

நாங்க பிரிச்சுப் பிரிச்சுக் குடுக்கிறோம். வண்டியில ஒண்ணாத்தானே கொட்றாங்க? அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?

செல்வமும் இதே வார்த்தைகளில் கேட்பார், கைத்தட்டலும் வாங்குவார். சில இடங்களில் நடக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்துவிட வேண்டாம். வண்டியில் தனித்தனி டப்பாக்களோ தடுப்போ இருக்கிறதா பாருங்கள். பச்சையும் நீலமுமான டப்பாக்கள் அடுக்கிய வண்டியில் மேலே தொங்குகிற சாக்கு மூட்டைகள் உலர்ந்த குப்பை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே குவியலாகத் தெரியும். சில பகுதிகளில் உலர்ந்த குப்பையை வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டும் வாங்குவார்கள். மற்ற நாளில் நீங்கள் இரண்டையும் நீட்டினால் ஒன்றாகத்தான் போகும்.

கலப்பது உறுதியானால், முதலில் வள்ளியிடம் கோபிக்காதீர்கள். ஒரு வண்டிக்கு இத்தனை வீடு என்று கணக்குக் கொடுத்திருப்பார்கள். தெருவில் நாற்பது வீட்டில் நான்கு வீடு பிரித்துக் கொடுத்தால் அந்த நான்குக்காக அவர் தனி மூட்டை கட்ட நேரமிருக்காது. முப்பது வீடு பிரித்தால் மிச்சம் பத்து வீட்டைத் திருப்பி அனுப்பும் தைரியம் அவருக்கு வரும். நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்துப் புகார் செய்யலாம். சென்னையில் மாநகராட்சி எண் 1913. இதற்கிடையில் உலர்ந்ததை எடைக்குப் போடலாம், அதை யாரும் கலக்கப் போவதில்லை.

பிரிக்காமல் விட்டால் பிரிக்கிற வேலை ஒழிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையின் குப்பைக் கிடங்குகள் உள்ள பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல்லாண்டுகளாகச் சேர்ந்த குப்பை மலைகளைத் தோண்டி, பெரிய சுழல் சல்லடைகளில் போட்டு, மண் தனி, பிளாஸ்டிக் தனி, கல் தனி என்று பிரிக்க வேண்டிவந்தது. அப்போது எடுக்கிற பிளாஸ்டிக் மண்ணும் அழுக்குமாக, பெரும்பாலும் சிமென்ட் ஆலையில் எரிக்கத்தான் லாயக்கு. 2022 ஏப்ரலில் பெருங்குடி கிடங்கில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கலாம். ஈரக் குப்பை காற்றில்லாமல் புதைந்து அழுகினால் மீத்தேன் வரும், பக்கத்திலேயே காய்ந்த பிளாஸ்டிக்கும் இருக்கும். தீ பிடிக்க வேறென்ன வேண்டும்?

பச்சை வாளி நாறுது. கவர் போட்டு வைக்கலாமா?

கவர்தான் நாற்றத்துக்குப் பாதிக் காரணம். கட்டிய கவருக்குள் காற்றுப் போகாமல் ஈரம் அழுகுகிறது. வாளியின் அடியில் இரண்டு தாள் செய்தித்தாளை விரியுங்கள். குழம்பு, ரசம் மிச்சத்தை வடிகட்டிச் சக்கையை மட்டும் போடுங்கள். மூடியில் சின்ன ஓட்டைகள் இருந்தால் நல்லது. வண்டி வந்ததும் தாளோடு கவிழ்த்துவிட்டு, ஒரு முறை அலசி வெயிலில் வையுங்கள். மக்கும் பை என்று கடையில் விற்கிறவற்றில் போலிகள் உண்டு, அசல் பையும் சாதாரணக் கவரும் பணியாளர் கையில் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டும் வேண்டாம்.

எங்க குடியிருப்பில நாங்களே போட ஆசை. என்னென்ன வேணும்?

நான்கு நடிகர், கடைக்காரரும் சேர்த்து. ஒரு தார்ப்பாய், தராசு, இரண்டு வாளி, பெயின்ட் டப்பாக்கள். குப்பை மட்டும் உங்கள் குடியிருப்புக் குப்பையாக இருக்கட்டும். முந்தின நாள் எல்லா வீட்டிலும் என்ன கவர், என்ன டப்பா சேருகிறது என்று பார்த்து, கழுவி, காய வைத்து எடுத்து வாருங்கள். தங்கள் வீட்டில் வாங்குகிற பிராண்டு மேடையில் விழும்போதுதான் கூட்டம் சிரிக்கும். ஊசி, பிளேடு போன்றவற்றுக்கு அட்டையில் செய்த பொம்மை போதும்.

வள்ளி பாத்திரத்தைக் கோமாளி ஆக்காதீர்கள். முடிந்தால் உங்கள் தெருவுக்கு வருகிற பணியாளரிடமே வசனத்தைப் படித்துக் காட்டுங்கள். நடிகர்களுக்குக் கையுறை கொடுங்கள், வள்ளிக்கும் சேர்த்து. கோமதியும் செல்வமும் ஒருவரை ஒருவர் "அக்கா", "தம்பி" என்றே திட்டிக்கொள்ள வேண்டும். மரியாதை குறைந்தால் கூட்டம் கட்சி பிரிந்துவிடும், குப்பை மறந்துவிடும். ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நேரம் காலை வேண்டாம். வண்டி வருகிற நேரத்தில் நாடகம் போட்டால் அன்று குப்பை கொடுக்க யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள்.